இதய ஜெபமும் கம்பளி முடிச்சும்

கிரேக்க நாட்டின் வடக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஆத்தோஸ் மலையில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் 20 பெரிய மடங்கள் இருக்கின்றன. அங்கே துறவிகளின் நாள், நமக்கெல்லாம் நல்ல தூக்கம் பிடிக்கிற நேரத்தில் தொடங்கிவிடும். மரப்பலகையைச் சுத்தியலால் தட்டி எல்லாரையும் கோவிலுக்கு அழைப்பார்கள். அந்தச் சத்தம் கேட்பதற்கு முன்பே துறவி தன் அறையில் எழுந்து ஒரு வேலையை முடித்திருக்க வேண்டும். விளக்குகூடத் தேவையில்லாத வேலை அது. இடது கையில் கறுப்புக் கம்பளிக் கயிறு. அதில் வரிசையாக முடிச்சுகள். ஒரு முடிச்சுக்கு ஒரு ஜெபம்.

இதய ஜெபம் என்று சொல்லப்படும் அது ஒரே வரிதான். தமிழில் சொன்னால், “ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய எனக்கு இரங்கும்.” ஆத்தோஸில் பலரும் இதை இன்னும் சுருக்கி ஐந்தே கிரேக்கச் சொற்களில் சொல்வார்கள்: “கீரியே ஈசு க்ரிஸ்தே, எலேயிசோன் மே.” ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, எனக்கு இரங்கும். அவ்வளவுதான்.

வரி புதிது இல்லை. லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இரண்டு பேர் கதறுகிறார்கள். கோவிலில் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்கிறான். எரிகோ வழியோரத்தில் உட்கார்ந்திருந்த குருடன், “இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்” என்று கூப்பிடுகிறான். இந்த இரண்டு கூப்பாடுகளையும் ஒன்றாகச் சேர்த்தால் கிட்டத்தட்ட இதய ஜெபம் வந்துவிடும். “இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்” என்று பவுல் எழுதியதை அப்படியே கடைப்பிடிக்கப் பார்த்த எகிப்துப் பாலைவனத் துறவிகள், பாய் முடைந்துகொண்டே சொல்லக்கூடிய சின்ன வாக்கியங்களைத் தேடினார்கள். நீளமான ஜெபத்தை வேலை செய்துகொண்டே சொல்ல முடியாது, மனம் நழுவிவிடும். அப்படி வாயில் நின்ற பல வாக்கியங்களில் இந்த ஒன்று காலப்போக்கில் மற்றவற்றை ஓரங்கட்டியது.

இதில் மூச்சு எப்போது நுழைந்தது? 7-ஆம் நூற்றாண்டில் சீனாய் மலை மடத்தின் தலைவராயிருந்த யோவான் கிளிமாக்கஸ், இயேசுவின் நினைவு உன் மூச்சோடு சேர்ந்திருக்கட்டும் என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அது உவமையா, செய்முறையா என்பது அந்த வரியை வைத்துத் தீர்மானிக்க முடியாத விஷயம். மூச்சு நிற்காததுபோல நினைவும் நிற்கக்கூடாது என்று மட்டும் அவர் சொல்ல நினைத்திருக்கலாம். ஆனால் 13-ஆம் நூற்றாண்டில் ஆத்தோஸில் வாழ்ந்த நிக்கிஃபோரஸ் என்ற துறவி எழுதியதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அவர் தெளிவாகச் செய்முறை தருகிறார்.

உட்கார். மனதைச் சேர்த்துப் பிடி. மூக்கின் வழியாக மூச்சு உள்ளே போகிறதே, அது இதயம்வரை போகிற பாதை. மனதை அந்தப் பாதையில் மூச்சோடு சேர்த்து உள்ளே தள்ளு. அங்கே அது இருக்கட்டும், சீக்கிரம் வெளியே விட்டுவிடாதே. இப்படிப் போகிறது அவருடைய பாடம். முதலில் மனதுக்கு அந்த இடம் நெருக்கமாக, சலிப்பாக இருக்கும், வெளியே ஓடப் பார்க்கும் என்று எச்சரிக்கிறார். பழகிவிட்டால், வெகுநாள் வெளியூர் போய்த் திரும்பிய மனிதன் மனைவி பிள்ளைகளைப் பார்த்ததும் அடைகிற சந்தோஷம் மனதுக்கு உள்ளேயே கிடைக்கும் என்கிறார். துறவி எழுதிய உவமைதான், ஆனால் குடும்பஸ்தனுக்கு உடனே புரிகிற உவமை.

அந்தச் சின்ன நூலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்துதான் வருகிறது. இவ்வளவு சொல்லிவிட்டு நிக்கிஃபோரஸ், சரி, இதெல்லாம் முயன்றும் உன்னால் முடியவில்லையா, அப்போது இப்படிச் செய் என்று வேறு வழி காட்டுகிறார். உதடு மூடியிருக்கும்போதும் நெஞ்சுக்குள் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம் இல்லையா? கணக்குப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், பாட்டு முணுமுணுக்கிறோம். அந்த உள்பேச்சிலிருந்து மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு, இந்த ஒரு வரியை அதன் கையில் கொடு. விடாமல் அதையே சொல்ல வை. கொஞ்ச நாளில் இதயத்தின் கதவு தானாகத் திறக்கும் என்கிறார். அதாவது, மூச்சு முறையை விரிவாக எழுதிவைத்த அதே ஆள், மூச்சே இல்லாமலும் அந்த இடத்துக்குப் போகலாம் என்று அதே பக்கத்தில் சொல்லிவிட்டார். பின்னால் வந்த பெரிய சண்டையில் எதிராளிகள் இந்த இடத்தைக் கவனித்திருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

சண்டைக்கு வருவதற்கு முன் உடம்பு எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆத்தோஸில் இதைப் பரப்பியவர் சீனாயின் கிரிகோரி. ஒரு சாண் உயரமுள்ள தாழ்ந்த முக்காலியில் உட்காரச் சொல்கிறார். தலையும் தோளும் முன்னால் குனிந்திருக்கும். மூச்சை அவசரமாக விடாமல் கொஞ்சம் அடக்க வேண்டும். கழுத்தும் தோளும் மார்பும் வலிக்கும், பொறுத்துக்கொள் என்று அவரே சொல்கிறார். ஜெபத்தின் சொற்களை மாற்றி மாற்றிச் சொல்லாதே என்று இன்னொரு புத்திமதி: அடிக்கடி பிடுங்கி நடுகிற மரம் வேர் பிடிக்காது. கொஞ்ச நேரம் ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, எனக்கு இரங்கும்’ என்று சொல், அப்புறம் வேண்டுமானால் ‘தேவனுடைய குமாரனே, எனக்கு இரங்கும்’ என்று சொல், ஆனால் தாவிக்கொண்டே இருக்காதே.

இப்படிக் குனிந்து, தாடி மார்பில் பட, வயிற்றுப் பக்கம் பார்த்தபடி மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கும் துறவிகளைத் தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த பர்லாம் என்ற கிரேக்க அறிஞர் 1330-களில் சந்தித்தார். தத்துவம் நன்றாகப் படித்தவர். கடவுளை அறிவது தெளிந்த புத்தியின் வேலை, அதில் மூக்குக்கும் தொப்புளுக்கும் என்ன வேலை என்று அவருக்கு எரிச்சல். அவர்களுக்கு ‘ஓம்ஃபலோப்ஸீக்கி’ என்று பட்டம் கட்டினார். தொப்புளில் ஆத்துமாவை வைத்திருப்பவர்கள் என்று பொருள். கிண்டல் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

பதில் சொன்னவர் ஆத்தோஸ் துறவி கிரிகோரி பாலமாஸ். உடம்பு பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுலே சொல்லியிருக்க, மனதை உடம்புக்குள் கொண்டுவருவதில் என்ன அசிங்கம் என்று கேட்டார். கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி மழைக்காக ஜெபித்தபோது தரையில் குனிந்து முகத்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாரே, அவரையும் கிண்டல் செய்வீர்களா என்றார். மூச்சு விஷயத்தில் அவர் சொன்னது ரொம்ப நிதானமான பதில். தொடக்கத்தில் இருப்பவன் மனதைப் பிடித்து உட்கார வைத்தால் அது மறுபடி மறுபடி துள்ளி ஓடும். திரும்பத் திரும்ப அதை இழுத்துவர வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் மூச்சைக் கவனி, கொஞ்சம் அடக்கு என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்ந்தவர்களுக்கு மனம் உள்ளே திரும்பினதும் மூச்சு தானாகவே அமைதியாகிவிடும்.

1341 ஜூனில் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சபைச் சங்கம் பாலமாஸின் பக்கம் நின்றது. பர்லாம் இத்தாலிக்குத் திரும்பி, கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து ஆயரானார். கவிஞர் பெத்ரார்க்காவுக்குக் கொஞ்சம் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான். சண்டை அதோடு ஓயவில்லை, 1347-இலும் 1351-இலும் மறுபடி சங்கம் கூட வேண்டிவந்தது. ஆனால் அதற்குள் பேச்சு மூச்சைத் தாண்டி எங்கோ போய்விட்டது. துறவிகள் ஜெபத்தில் காண்பதாகச் சொன்ன ஒளி படைக்கப்பட்டதா, கடவுளுடையதேயா என்பதுதான் கேள்வியாக நின்றது. ஆர்த்தடாக்ஸ் சபையின் கோட்பாடாக நிலைத்ததும் அந்தக் கேள்விக்கான பதில்தான். மூச்சு முறையைச் சங்கங்கள் காப்பாற்றின, கட்டாயமாக்கவில்லை.

நாமஜெபமும் பிராணாயாமமும் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதைப் படிக்கும்போது, அட, இது நமக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சூஃபிகளின் திக்ருக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றியும் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். வெளித்தோற்றம் நிஜமாகவே நெருக்கமானது. ஆனால் ஆத்தோஸ் பெரியவர்கள் ஒரு இடத்தில் பிடிவாதமாக இருப்பார்கள்: இது ஒருவரைப் பார்த்துப் பேசுகிற பேச்சு. பொருளை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் உருட்டினால் அவர்கள் கணக்கில் அது ஜெபமே இல்லை. மனதில் உருவம் எதையும் கற்பனை செய்யவும் விடமாட்டார்கள். சிலுவைக் காட்சியைக்கூட மனக்கண்ணில் வரையாதே, சொல்லுக்குள் மனதை அடை என்பார்கள்.

இன்று பரவலாகச் சொல்லித்தரும் மூச்சு முறை எளிமையானது. மூச்சு உள்ளே போகும்போது ‘ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே’. வெளியே வரும்போது ‘பாவியாகிய எனக்கு இரங்கும்’. முதல் பாதி பெயரை உள்ளே வாங்குகிறது, இரண்டாம் பாதியில் வேண்டுதல் வெளியே போகிறது. மூச்சை இழுக்கவோ நீட்டவோ கூடாது, அது எப்படி ஓடுகிறதோ அதன்மேல் சொல்லைப் போட வேண்டும். சுருக்க வடிவத்தைச் சொல்பவர்களில் சிலர் உள்மூச்சுக்கு ஒரு முழு ஜெபம், வெளிமூச்சுக்கு ஒரு முழு ஜெபம் என்றும் சொல்வதுண்டு. இதயத் துடிப்புக்கு ஒரு சொல் என்ற முறையும் ரஷ்யாவில் இருந்தது. அதை வழிகாட்டி இல்லாமல் தொடவே கூடாது என்பார்கள்.

இனி கயிறு. கிரேக்கர்கள் கொம்போஸ்கினி என்பார்கள், முடிச்சுக் கயிறு என்றே பொருள். ரஷ்யர்களுக்கு அது சோத்கி. கையில் சுற்றிக்கொள்ள 33 முடிச்சுக் கயிறு, அறையில் ஜெபிக்க 100 முடிச்சு, 300 முடிச்சுக் கயிறுகூட உண்டு. வழக்கமாகக் கறுப்பு ஆட்டுக் கம்பளி. சுற்று முடிகிற இடத்தில் நூலாலேயே கட்டிய சிலுவை, அதன் நுனியில் ஒரு குஞ்சம். கண்ணீரைத் துடைத்துக்கொள்ளத்தான் குஞ்சம் என்று சொல்வார்கள். 10 அல்லது 25 முடிச்சுக்கு ஒரு மணி கோத்திருக்கும். இருட்டில் விரல் அதைத் தொட்டதும் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும். மற்றபடி மணியே கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. பக்கத்து அறையில் இருப்பவனுக்கு நீ எத்தனை உருட்டினாய் என்று கேட்காது.

முடிச்சு சாதாரண முடிச்சு இல்லை. நூலை இடது கையின் இரண்டு விரல்களில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சுற்றிச் சுற்றி, சுற்றுகளுக்கு அடியில் நுழைத்து எடுத்து இறுக்குவார்கள். ஒரு முடிச்சுக்குள் ஒன்பது சிலுவைகள் பின்னிக் கிடக்கும் என்பது கணக்கு. ஒருமுறை உல்லன் நூல் வாங்கிவந்து நானும் முயன்றேன். ஒரு சுற்று இடம் மாறினால் போதும், இறுக்கும்போது உருண்டையாக வராமல் ஒரு பக்கம் வீங்கி நிற்கும். பிரிக்கவும் முடியாது, வெட்டத்தான் வேண்டும். அரை மணி நேரத்தில் எனக்குத் தேறியது ஒரே ஒரு முடிச்சு, அதுவும் கோணல். துறவிகள் சொல்லும் கதை அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பழங்காலத் துறவி ஜெபத்தை எண்ணத் தோல்வாரில் முடிச்சுப் போட, பிசாசு வந்து வந்து அவிழ்த்துவிட்டானாம். பிறகு தேவதூதர் தோன்றிச் சிலுவைகளால் ஆன முடிச்சைக் கற்றுக்கொடுத்தாராம், பிசாசால் அதை அவிழ்க்க முடியவில்லையாம். கதையை நம்பாதவர்கள்கூட முடிச்சைப் பிரிக்க முயன்று பார்த்தால் பிசாசின் கஷ்டம் புரியும்.

துறவறம் ஏற்கும் சடங்கில் ஆவியின் பட்டயம், அதாவது ஆவியின் வாள், என்று சொல்லி இதைக் கையில் கொடுப்பார்கள். இடது கையில் பிடிப்பது வழக்கம், ஏனென்றால் சிலுவை அடையாளம் போட வலது கை காலியாக இருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு முடிச்சைப் பிடித்திருக்கும், ஜெபம் முடிந்ததும் அடுத்ததற்கு நகரும். கத்தோலிக்க ஜெபமாலை பழகியவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் தெரியும். அதில் மணிக்கு மணி ஜெபம் மாறும், தேவ இரகசியங்கள் வரும், எங்கே இருக்கிறோம் என்பது முக்கியம். இதில் முதல் முடிச்சும் நூறாவது முடிச்சும் ஒன்றுதான்.

அப்படியானால் எதற்கு எண்ணிக்கை? துறவிக்கு ஒவ்வொரு இரவும் இத்தனை கயிறு என்று அவருடைய ஆன்மிகத் தந்தை கணக்கு வைத்துக் கொடுத்திருப்பார். ‘கனோனாஸ்’ என்பார்கள். ஆளுக்கு ஆள் அது மாறும். ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிதானமான மூச்சு ஒன்றுக்கு 5 நொடி. 100 முடிச்சுக்கு 500 நொடி, அதாவது எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். மூன்று சுற்றுக்கு 25 நிமிடம். ஒருவருக்குப் பன்னிரண்டு சுற்று கொடுத்திருந்தால் 1 மணி 40 நிமிடம், நடுவில் தரையில் விழுந்து வணங்குவது தனி. எண்ணிக்கை வைக்காவிட்டால் என்ன ஆகும்? இன்று மனம் இனிக்கிறது என்று ஒருவன் விடியவிடியச் சொல்லுவான், நாளை வறண்டுவிட்டால் இரண்டு நிமிடத்தில் படுத்துவிடுவான். கயிறு இந்த இரண்டையும் தடுக்கிறது. எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமையை அவன் கையிலிருந்து எடுத்துவிடுகிறது.

இதே கணக்கை இன்னொரு இடத்தில் பொருத்தினால் ஒரு விஷயம் தெளிவாகும். 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் வெளியான யாத்ரீகன் ஒருவனின் கதையில், குரு அவனுக்கு முதலில் நாளுக்கு 3,000 ஜெபம் கொடுக்கிறார், பிறகு 6,000, பிறகு 12,000. மூச்சுக்கு ஒன்று என்றால் 3,000-க்கே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 12,000-க்குப் பதினாறு மணி நாற்பது நிமிடம் ஆகும், சாப்பாடு தூக்கம் போக ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அந்தக் கட்டத்தில் அவன் மூச்சோடு சொல்லவில்லை, வெறுமனே உதட்டால் வேகமாகச் சொல்கிறான். கதையிலும் மூச்சு முறை பின்னால்தான் வருகிறது. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, மூச்சுக்குள் 12,000-ஐத் திணிக்கப் பார்த்தால் தலை சுற்றிக் கீழே விழ வேண்டியதுதான்.

இங்கேதான் ஆசிரியர்களின் பயமும் தொடங்குகிறது. பழைய கிரேக்க நூல்களை 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய மொழியில் தந்த ஆயர் தியோஃபான், மூச்சும் உட்காரும் முறையும் பற்றிய விவரங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டார். ஜெபத்தை உதட்டு ஜெபம், மன ஜெபம், இதய ஜெபம் என்று மூன்று படியாகச் சொன்னவர் அவர். இதயத்தில் கவனம் நின்றால் போதும், அதற்குக் கருவி எதற்கு என்பது அவர் எண்ணம். அவர் காலத்து இன்னொரு ஆயர் இக்னாட்டியஸ் பிரியான்சானினோவும் இதே எச்சரிக்கையைத் தந்தார். கவனத்தை மார்பின் இடதுபக்கம் மேலே வைக்கச் சொல்வார்கள், கீழே வயிற்றுப் பக்கம் இறங்கவிடாதே, காமம் கிளம்பும் என்பார்கள். மூச்சை வலிந்து அடக்கினால் நெஞ்சுவலி வரும். ஒரே இடத்தில் கவனத்தை அழுத்தினால் அங்கே சூடு வரும். அந்தச் சூட்டைக் கடவுளின் அருள் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

இதற்கு ரஷ்யர்கள் ‘ப்ரேலெஸ்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆன்மிக மயக்கம் என்று சொல்லலாம். அடையாளம் கண்டுபிடிக்கும் வழி எளிது. வெளிச்சம் கண்டேன், இனிப்பு உணர்ந்தேன் என்பவன் அடுத்து என்ன செய்கிறான் என்று பார்ப்பார்கள். பெரியவரிடம் போய்ச் சொல்லத் தயங்குகிறானா? மற்றவர்கள் ஜெபம் அவனுக்கு மட்டமாகத் தெரிகிறதா? கொடுத்த கணக்கைத் தாண்டித் தானே கூட்டிக்கொள்கிறானா? யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சுள்ளென்று கோபம் வருகிறதா? அப்படியென்றால் மருந்து ஒன்றுதான்: மூச்சு முறையை நிறுத்து, தனியறையை விட்டு வெளியே வா, சமையல்கட்டில் வேலை பார், ஜெபத்தை வாயால் மட்டும் சொல். ‘பாவியாகிய எனக்கு இரங்கும்’ என்று ஆயிரம் முறை சொல்லிவிட்டு, நான் பாவி இல்லை என்ற முடிவுக்கு வந்தவனை வேறு எப்படித் திருப்புவது?

20-ஆம் நூற்றாண்டில் வேறு ஒரு வழக்கமும் வந்திருக்கிறது. ஆத்தோஸில் துறவியாயிருந்த சோஃப்ரோனி 1959-இல் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் ஒரு மடம் தொடங்கினார். அங்கே துறவிகளும் துறவினிகளும் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள், எல்லாருக்கும் பொதுவான மொழி என்று ஒன்று இல்லை. வழக்கமான வழிபாடுகள் பலவற்றுக்குப் பதிலாக, காலையிலும் மாலையிலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கோவிலில் இந்த ஒரு வரியையே சொல்வார்கள். விளக்குகள் குறைவு. ஒருவர் கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்ல, மற்றவர்கள் மனதுக்குள் சொல்லியபடி நிற்பார்கள். அவர் சுற்று முடிந்ததும் இன்னொரு குரல் இன்னொரு மொழியில் எடுத்துக்கொள்ளும். ஒருவருடைய மூச்சு இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதால் அங்கே மூச்சைப் பற்றிப் பேச்சே எழாது. கம்பளி முடிச்சு மட்டும் இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருக்கும்.